நலம் விசாரிக்கும் வரி

பெரம்பலூர் துறையூர் ரோட்டில், உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற அந்த ஆபீஸில் ஃபஹ்மிதாவுக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல். வைத்தவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள், ஆனால் அவள் காதுக்கு வராத பேச்சு அந்த ஆபீஸில் எது? கேட்டுச் சிரித்துக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெயருக்கு அவள் பொருத்தமானவள்தான்.

என்ன வேலை என்று கேட்டால் ஊரில் யாருக்கும் விளங்கவைக்க முடியாது. வெளிநாட்டில் சின்னச் சின்னக் கம்பெனிகள் இருக்கின்றன. கணக்கெழுதித் தருகிறவர்கள், சாஃப்ட்வேர் விற்கிறவர்கள். முன்பின் தெரியாத ஆளுக்கு இவர்கள் சார்பில் மெயில் எழுதி, 'உங்களிடம் ஒரு பத்து நிமிஷம் பேசலாமா' என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் அந்த ஆளைக் கம்பெனியிடம் கோத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கொரோனா சமயத்தில் சென்னையிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்த கோகுலகிருஷ்ணன் இதை ஆரம்பித்தான். பையன்களும் பெண்களும் டிராஃப்ட் எழுதுவார்கள். ஃபஹ்மிதா அதைத் திருத்துவாள்.

திருத்துவது என்றால், பாதி வெட்டுவது. எழுதுகிற பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதிப் பழகியவர்கள். கையை வைத்தாலே முதல் வரி 'ஹோப் திஸ் ஃபைண்ட்ஸ் யூ வெல்' என்று தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த மெயில் தங்களை நலமாகச் சந்திக்கும் என நம்புகிறேனாம். யாரென்றே தெரியாத ஒருத்தன் அமெரிக்காவில் நலமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? முதல் மெயிலுக்குப் பதில் வரவில்லையா, அடுத்தது 'ஜஸ்ட் செக்கிங் இன்' என்று போகும். சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்கிற மாதிரி. சும்மா வருகிறவனுக்கு எவன் கதவைத் திறப்பான்?

ஃபஹ்மிதா இதற்கெல்லாம் உமி என்று பெயர் வைத்திருந்தாள். மெயிலைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே போனில் தெரிவது தலைப்பும் முதல் ஏழெட்டு வார்த்தையும்தான், அந்த இடத்தில் உமியைக் கொட்டி வைத்தால் ஆள் திறக்காமலே தள்ளிவிட்டுப் போய்விடுவான் என்பாள். உமியா அரிசியா என்று சந்தேகம் வந்தால் அவளிடம் ஒரு சோதனை இருந்தது. இந்த வரியை வேறு யாருக்கு அனுப்பினாலும் பொருந்துமா? பொருந்தினால் வெட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆளிடம் உடம்பு எப்படி என்று கேட்டால் அது உமி இல்லை, அவனுக்கென்று கேட்டது. ஆயிரம் பேருக்கும் ஒரே மூச்சில் கேட்டால் உமி. இரண்டாவது மெயில் போட வேண்டுமானால் அதில் புதிதாக ஒரு விஷயம் இருக்க வேண்டும். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இரு.

செந்துறையிலிருந்து பஸ் பிடித்து, அரியலூரில் இறங்கி மாறி வருகிற வெற்றிச்செல்வி சேர்ந்த புதிதில் இந்தக் கத்தரிக்கோலிடம் மாட்டி அழுதே விட்டாள். மரியாதையாக எழுதியது ஒரு குற்றமா என்று கேட்டாள். மரியாதை வேறு, மழுப்பல் வேறு என்று ஃபஹ்மிதா சொன்னாள். அடுத்தவன் நேரத்தை வீணாக்காமல் வந்த காரியத்தைச் சொல்வதுதான் மரியாதை என்றாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கற்றுக்கொண்டாள். நாளடைவில் ஃபஹ்மிதாவையே மிஞ்சுகிற அளவுக்கு வெட்டினாள்.

இவ்வளவு தெரிந்த ஃபஹ்மிதா வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அவளுடைய அண்ணன் அஸ்லாம் எலக்ட்ரீஷியன். ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட்டில் வேலை பார்த்தவன். அப்போது வீடு அரியலூரில் வாடகைக்கு இருந்தது. அவன் சவூதிக்குப் போன பிறகு, அத்தா நசீருதீன் குடும்பத்தைச் சொந்த ஊரான லெப்பைக்குடிக்காட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அஸ்லாம் வாரம் தவறாமல் வீடியோ காலில் வருவான். அம்மா ஷரீபா ஆக்கின குழம்பைச் சட்டியோடு தூக்கிக் காட்டச் சொல்வான். ரம்ஜான் பிறை பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அது நின்றுபோனது. போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்.

கூட இருந்த ஒரு கடலூர்ப் பையனைத் தேடிப் பிடித்துக் கேட்டதில், அஸ்லாம் கம்பெனி கேம்பில் இல்லை, சம்பளம் கூடக் கிடைக்கிறது என்று வேறு ஊருக்குப் போய் வெளியே வேலை பார்க்கிறான், இதற்கு மேல் தெரியாது என்றான். அங்கேதான் நசீருதீன் பயந்தார். அவரும் அந்தக் காலத்தில் ரியாத்தில் இருந்தவர். விசா கொடுத்த முதலாளியான கபீலுக்குத் தெரியாமல் வெளியே வேலை பார்ப்பவனை, ஓடிப்போனவன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் தொலைந்தது. பிடித்தால் ஜெயில், அப்புறம் ஊருக்கு ஏற்றி அனுப்பி, திரும்ப அந்த நாட்டுப் பக்கம் தலைவைக்க விடமாட்டான். கம்பெனிக்கு விஷயம் இன்னும் தெரியாமல் இருக்கலாம். நாமே போய், எங்கள் பையனைக் காணோம் என்று சொன்னால், நாமே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகாதா?

கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாம், தூதரகத்துக்கு எழுதலாம் என்று ஃபஹ்மிதா சொல்லிப் பார்த்தாள். அத்தா காதில் வாங்கவில்லை. கம்பெனிக்கு எழுது, ஆனால் ஒன்றும் கேட்காத மாதிரி எழுது என்றார். ஆழம் பார்க்கிறாராம்.

"நல்லா இருக்கீங்களான்னு கேளும்மா. நம்ம புள்ளைக்கு வேலை குடுத்ததுக்கு துஆ செய்றோம்னு போடு. நம்பரு கிம்பரு ஒண்ணும் போடாத. அவங்களே ஏதாச்சும் சொன்னா சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ஃபஹ்மிதா போனில் அடித்தாள். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். தங்கள் நிறுவனம் மேன்மேலும் வளர துஆ செய்கிறோம். எங்கள் மகன் அஸ்லாம் தங்களிடம் பணிபுரிவது எங்கள் பாக்கியம். சும்மா விசாரித்துக்கொள்ளவே எழுதுகிறோம். இவ்வளவுதான் மெயில். அந்தக் கம்பெனியில் அஸ்லாம் என்ற பெயரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தாள்? ஆபீஸில் ஒருத்தி இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் கீபோர்டைப் பிடுங்கியிருப்பாள். வீட்டில் அவளும் பயந்தாள். அத்தா பயத்தை அத்தாவோடது என்று ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச அவளால் முடியவில்லை, அவளுக்குள்ளும் அது இருந்தது. நேராகக் கேட்டால் நேராகப் பதில் வருமே என்கிற பயமும் அதற்கு அடியில் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பதில் வந்தது, அதுதான் கொடுமை. தாங்கள் தொடர்புகொண்டதற்கு நன்றி, தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், விரைவில் தொடர்புகொள்கிறோம் என்று ஒரு பதில். மிஷின் அனுப்புகிற பதில் என்று ஃபஹ்மிதாவுக்குத் தெரியும். அம்மா அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எவ்வளவு தன்மையாக எழுதியிருக்கிறார்கள், பிள்ளைக்கு ஒன்று என்றால் இப்படியா எழுதுவார்கள் என்றாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் சோறு இறங்கியது. அது மிஷின் அம்மா என்று சொல்ல ஃபஹ்மிதாவுக்கு வாய் வரவில்லை.

நோன்பு முடிந்தது. பெருநாளுக்கு நிச்சயம் கூப்பிடுவான் என்று உட்கார்ந்திருந்தார்கள், கூப்பிடவில்லை. மறுபடி எழுதினார்கள். சும்மா விசாரித்துக்கொள்ளவே. மறுபடி அதே பதில். ஹஜ்ஜுப் பெருநாளும் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த குர்பானி கறியை அம்மா அடுப்பில் ஏற்றாமல் அப்படியே யாருக்கோ கொடுத்துவிட்டாள். அப்போதும் ஒரு மெயில் போனது. அதிலும் புதிதாக ஒன்றும் இல்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்த சமயத்தில், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது ஃபஹ்மிதா அடுத்த மெயிலை எழுத உட்கார்ந்தாள். இந்தத் தடவை போனில் அடிக்காமல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்தாள். ஒன்றிரண்டு வரி இங்கிலீஷில் இடறியது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று, கை பழக்கத்தில், தினமும் டிராஃப்ட் போட்டு வைக்கிற பொதுப் பக்கத்திலேயே போட்டுவிட்டு எழுந்தாள். எழுதுகிறவர் பெயர் எதுவும் போடவில்லை. அஸ்லாம் பெயரைக்கூட 'தங்களிடம் பணிபுரியும் எங்கள் உறவினர்' என்கிற மாதிரி மழுப்பி வைத்திருந்தாள். அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் டிராஃப்டை இன்னொருத்தர் படித்து வெட்டாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே ஃபஹ்மிதாதான். அன்றைக்குப் படிக்கிற முறை வெற்றிச்செல்விக்கு.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், மெயில் முழுக்கக் கோடு. முதல் வரி அடித்திருந்தது. இரண்டாவது வரி அடித்திருந்தது. துஆ செய்கிற வரி, வளர்ச்சி வரி, சும்மா விசாரிக்கிற வரி, எல்லாம் அடித்திருந்தது. கடைசியில் மிஞ்சியது 'டியர் சார்' மட்டும். ஓரத்தில் வெற்றிச்செல்வி குறிப்பு எழுதியிருந்தாள்.

'அக்கா, இதுல யாரப் பத்தி எழுதுறாங்க, என்ன வேணும்னு எதுவுமே இல்ல. உமிய எடுத்தா உள்ள அரிசியே காணோம். எழுதுனவங்களுக்குப் பதில் வேணுமா, வேணாமா?'

ஃபஹ்மிதாவுக்கு முதலில் வந்தது கோபம். எழுந்து போய் அந்தப் பெண்ணை நாலு கேள்வி கேட்கலாமா என்று இருந்தது. ஆனால் எந்த முகத்தோடு போய்க் கேட்பாள்? ஒவ்வொரு கோடும் அவள் சொல்லிக் கொடுத்த கோடு. அந்தக் கடைசிக் கேள்வியை அவளும் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஃபேன் காற்றில் யாரோ வைத்த பேப்பர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அதை எடுத்து வைக்கக்கூடத் தோன்றவில்லை.

வெற்றிச்செல்வி வந்து நாற்காலி ஓரத்தில் நின்றாள். தப்பாக வெட்டிவிட்டேனா என்று கேட்டாள். எந்தக் கம்பெனிக்காரன் டிராஃப்ட் இது, கல்ஃப் பார்ட்டியா என்று கேட்டாள்.

"என்னோடதுதான். எங்க அண்ணனக் காணோம்."

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துப்போனது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று மன்னிப்பு கேட்க ஆரம்பித்தாள். ஃபஹ்மிதா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னாள். அண்ணன் போன் நின்றது, கேம்பை விட்டு வெளியே போனது, அத்தா பயம், இதுவரை போன மெயில்கள், வந்த பதில்கள். சொல்லச் சொல்ல அவளுக்கே கேட்டது, இத்தனை மாதமாக நாம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று.

 வெற்றிச்செல்வி மெதுவாகச் சொன்னாள்.

"கேஸ் போட்டா ஜெயில்தானக்கா? ஜெயிலுன்னா ஆளு இருப்பாருல்ல?"

அவ்வளவு எளிமையாக இதை யாரும் அந்த வீட்டில் யோசிக்கவில்லை. ஃபஹ்மிதா அத்தாவைக் கேட்கவில்லை. கேட்டால் அனுப்பவிடமாட்டார் என்று தெரியும். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள். தலைப்பிலேயே பெயரும், அந்த நாட்டில் தங்கக் கொடுக்கிற இக்காமா அட்டையின் நம்பரும். அஸ்லாம் எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இக்காமா போட்டோ அவள் போனில் பத்திரமாகத்தான் இருந்தது. முதல் வரி: உங்கள் நிறுவனத்தின் எலக்ட்ரீஷியன் அஸ்லாம், நசீருதீன் மகன், ரம்ஜானுக்கு முன்பிருந்து எங்களுடன் தொடர்பில் இல்லை. இரண்டாவது வரி: அவர் இப்போது எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா? மூன்றாவது வரி: நான் அவருடைய தங்கை, என் போன் நம்பர் இது, பதில் எதுவானாலும் எனக்குத் தெரிவியுங்கள். இக்காமாவும் பாஸ்போர்ட்டும் இணைப்பில். ஒரு நகல் தூதரகத்துக்கு.

'உயிரோடு' என்கிற சொல்லை ஃபஹ்மிதா அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். அதை எடுத்துவிடலாமா என்று வெற்றிச்செல்வியைப் பார்த்தாள். கேட்க வந்ததே அதுதானே அக்கா என்றாள் அவள். அனுப்பினார்கள்.

திட்டக்குடி பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஃபஹ்மிதாவுக்கு மனசு லேசாகக்கூட இருந்தது. ஜெயில் என்றால் ஆள் இருப்பான். அடி வாங்கியிருப்பான், இளைத்திருப்பான், ஆனால் இருப்பான். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் இரவு நாலு தோசை அதிகமாகச் சாப்பிட்டாள். இன்றைக்கு முகம் தெளிவாக இருக்கிறதே என்று அம்மா கேட்டதற்குச் சிரித்து மழுப்பினாள்.

மறுநாள் அவள் ஆபீஸ் படியேறிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட்டது. மாதக்கணக்கில் வராத பதில், கேள்வியைக் கேட்டதும் ஒரே நாளில் வந்துவிட்டது. மிஷின் இல்லை, மனுஷன் எழுதினது. கம்பெனி ஆள்கள் விவரம் பார்க்கிற ஒரு ஆபீஸர், கீழே சொந்தப் பெயரும் நம்பரும் போட்டிருந்தார். நலம் விசாரிக்கவில்லை. முதல் வரியிலேயே விஷயம் இருந்தது.

அஸ்லாம் இறந்துவிட்டார். ரம்ஜானுக்கு முந்தின வாரம், நெடுஞ்சாலையில் வண்டி மோதி. போலீஸ் இக்காமாவை வைத்துக் கம்பெனியைத் தேடி வந்திருக்கிறது. கம்பெனி கையிலிருந்த போன் நம்பர் வேலை செய்யவில்லை. பாஸ்போர்ட்டில் இருந்த அரியலூர் விலாசத்தில் விசாரித்தபோது குடும்பம் எங்கோ மாறிப் போய்விட்டது என்று தகவல் வந்தது. குடும்பம் வந்து கேட்கும் என்று உடலை ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்துக் காத்திருந்தார்கள். நோன்பு முழுக்க. பெருநாள் தாண்டி, ஹஜ்ஜுப் பெருநாளும் தாண்டி. யாரும் வரவில்லை. போன புதன்கிழமை, முறைப்படி அனுமதி வாங்கி, ஜனாஸா தொழுது அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

கடைசிப் பத்தியை அந்த மனுஷர் வருத்தத்தோடுதான் எழுதியிருந்தார். உங்கள் பழைய மெயில்களை இப்போது தேடி எடுத்துப் பார்த்தேன், எல்லாம் பொது விலாசத்துக்கு வந்திருக்கின்றன, இக்காமா நம்பரோ கேள்வியோ இல்லாததால் வாழ்த்துச் செய்தி என்று ஒதுக்கியிருக்கிறார்கள், அவற்றில் ஒன்றிலாவது இந்த நம்பர் இருந்திருந்தால் உடலை ஊருக்கே அனுப்பியிருப்போம், என்னை மன்னியுங்கள்.

ஃபஹ்மிதா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உரக்கடைக்கு மூட்டை இறக்க வந்த லாரி ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் மெயிலை மேலிருந்து கீழே படித்தாள், மறுபடி மேலே போனாள். போன புதன்கிழமை. அந்த ஒரு சொல்லில் வந்து நின்று நின்று போனாள். போன புதன்கிழமைக்கு முன்னால் அவள் எழுதியிருந்தால் என்று நினைக்க ஆரம்பித்தாள். அண்ணன் அங்கே குளிர்ந்த அறையில் பெட்டிக்குள் கிடக்க, இங்கே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உட்கார்ந்து தாங்கள் நலமா தாங்கள் நலமா என்று எழுதிக்கொண்டிருந்தோமே. அல்லாவே, அடுத்தவன் மெயிலில் ஒரு வரி அதிகம் இருந்தால் உயிரை வாங்குகிறவள் நான். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலையை, கூடப் பிறந்தவனுக்கு ஒரு தடவை செய்யவில்லையே.

வெற்றிச்செல்விதான் கண்டுபிடித்தாள். மேலே கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தாள். கோகுலகிருஷ்ணன் தன் காரிலேயே லெப்பைக்குடிக்காட்டுக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான்.  வழி நெடுக ஃபஹ்மிதா எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். முதலில் அம்மாவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெல்ல மெல்ல வருவோமா? எந்த வரியை முன்னால் வைத்தாலும் அந்த ஒரு வரி பின்னால் நின்றுகொண்டுதான் இருக்கும். மற்றதையெல்லாம் வெட்டுவது, அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமலே உள்ளே போய்ச் சொன்னாள்.

"அம்மா, அண்ணன் மவுத்தாயிட்டான்."

அம்மா கையில் முறம் இருந்தது. அதை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள், பிறகு அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அத்தா அழவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இன்னாலில்லாஹி சொல்லிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லாம் வந்து, பள்ளிவாசலில் சொல்லி, அஸர் தொழுகைக்குப் பிறகு காயிப் ஜனாஸாவும் தொழுது முடித்தார்கள். மையத் உடல் முன்னால் இல்லாமல் தொழுகிற தொழுகை. திரும்பி வந்த அத்தா, ஃபஹ்மிதாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"எப்ப அடக்குனாங்களாம்?"

 அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டார்.

"நாம எழுதிக்கிட்டு இருந்தமே, அப்பல்லாம் அவன் அடக்காம கிடந்தானா?"

ஒரே கேள்வி. மழுப்பலே இல்லாத கேள்வி. அவள் வாழ்நாளில் அவர் இப்படி நேராக எதையும் கேட்டதில்லை. அவருடைய கை தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. நம்பர் போடாதே என்று சொன்னது இந்த மனுஷர். உண்மையைச் சொன்னால் இவர் அடுத்த ஜும்ஆ பார்க்கமாட்டார் என்று ஃபஹ்மிதாவுக்குத் தோன்றியது.

"இல்லத்தா. உடனே அடக்கிட்டாங்க. நாம எழுதறதுக்கு முன்னாடியே."

அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்றார். அப்புறம்தான் அவருக்கு அழுகை வந்தது. அழுதபடியே, அப்படியானால் நாம் எழுதியதில் தப்பில்லை, எப்படி எழுதியிருந்தாலும் அவன் கிடைத்திருக்கமாட்டான், அல்லா எழுதினது அவ்வளவுதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்களும் ஆமாம் என்றார்கள். ஃபஹ்மிதாவும் தலையாட்டினாள். அந்த ஆபீஸர் அனுப்பிய மெயிலைப் போனிலிருந்து அழித்துவிடலாமா என்று நினைத்தாள். மரணச் சான்றுக்கு அது வேண்டும். வைத்துக்கொண்டு, போனைத் திறக்கிற நம்பரை மாற்றினாள். இனி அந்தப் புதன்கிழமை அவளோடு மட்டும் இருக்கும்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் அத்தா அவளிடம் போனை எடுக்கச் சொன்னார். பிள்ளையை நல்லடக்கம் செய்த புண்ணியவான்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். கபர் எந்த ஊரில், எந்த இடத்தில் என்று கேட்க வேண்டுமாம், என்றாவது உம்ராவுக்குப் போனால் ஒரு ஸலாம் சொல்லிவிட்டு வரலாமே என்றார். சான்றிதழும் கேட்க வேண்டும். சொல்லுங்கத்தா என்று அவள் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் சொன்ன அதே குரலில், அதே நிதானத்தில் ஆரம்பித்தார். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

ஃபஹ்மிதா அடித்தாள். ஒரு எழுத்தும் விடாமல் அடித்தாள். வெட்டத் தோன்றவில்லை. இனி அதை வைத்தாலும் எடுத்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அடுத்த வரியைச் சொல்லுங்கள் என்றாள்.